கஸ்டமர் கேர் என்று பேசியவரிடம் ஏமாந்தேன்: வங்கி பணத்தைத் தருமா?

கேள்வி: வணக்கமுங்க வக்கீல் சார். நான் பவானிப் பக்கம். வீட்டுக்காரர் ஜமக்காளக் கடை வைத்திருக்கிறார். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய பார்சல் வரவில்லை என்று செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நெட்டில் தேடி, முதலில் வந்த கஸ்டமர் கேர் நம்பருக்குப் பேசினேன். முகவரி தப்பாக இருக்கிறது, ஐந்து ரூபாய் கட்டினால் சரிசெய்கிறோம் என்று வாட்ஸப்பில் ஒரு ஆப் அனுப்பினார்கள். அதில் பெயர், போன் நம்பர், பின் எல்லாம் போட்டேன். பணம் போகவில்லை என்று காட்டியது. அன்று ராத்திரி ரூ. 5,000 போய்விட்டது. கேட்டதற்கு, 'ஹோல்டில் இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரத்தில் திரும்பிவிடும்' என்றார்கள். வியாழன் விடியற்காலையில் ரூ. 49,000, ரூ. 38,000 என்று இரண்டு தடவை போயிருக்கிறது. நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லை. பேங்கில் 'பின் போட்டது நீங்கதானே' என்கிறார்கள். எனக்கே தெரியாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். ஆள் வடநாட்டில் இருக்கிறான், இங்கே கேஸ் எடுப்பார்களா? இனிமேல் நிஜமான நம்பரை எப்படித்தான் கண்டுபிடிப்பது? வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. பெயர் போட வேண்டாமுங்க.

பதில்: சகோதரி, உங்கள் மின்னஞ்சல் வந்த வியாழன் மாலையே தொலைபேசியில் பேசி, யுபிஐயை நிறுத்துவது, 1930 என்ற உதவி எண்ணில் புகார் சொல்வது, போனிலிருந்து சிம்மைக் கழற்றுவது என்று முதலில் செய்ய வேண்டியவற்றைச் செய்ய வைத்துவிட்டேன். அன்று அவசரத்தில் காரணங்களை விளக்க நேரமில்லை. உங்கள் அனுமதியோடு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்த ஐந்து ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர்களுக்கு அந்த ஐந்து ரூபாய் தேவையே இல்லை. உங்கள் யுபிஐ பின் எண்ணை நீங்களே தட்டச்சு செய்வதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். பணம் போகவில்லை என்று திரையில் வந்ததும் அதனால்தான். நிஜமான யுபிஐ பரிவர்த்தனையில் பின் எண் கேட்கும் திரை, உங்கள் வங்கியின் ஆப்புக்குள்ளோ யுபிஐ ஆப்புக்குள்ளோதான் தனியாகத் திறக்கும். அதன் மேற்பகுதியில் வங்கியின் பெயர், பணம் யாருக்குப் போகிறது, எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். பெயர், முகவரி, செல்பேசி எண் என்று வரிசையாகக் கட்டங்கள் உள்ள ஒரு படிவத்தில் 'பின்' என்று இன்னொரு கட்டமும் இருந்தால் அது போலி. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அடுத்தது அந்த ஆப். ஓடிபி சொல்லாமல் எப்படிப் பணம் போனது என்ற உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. வாட்ஸப்பில் வந்தது `.apk` என்று முடியும் ஒரு கோப்பு. அதை நிறுவும்போது 'எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி', 'எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி' என்று கேட்டிருக்கும். நீங்களும் சரி சரி என்று தட்டியிருப்பீர்கள். ஒரு புதுப் போனில் யுபிஐ தொடங்க வேண்டுமானால், வங்கியில் பதிவான சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். அந்தப் போன் உங்களுடையதுதான் என்று வங்கி முடிவுசெய்வது அந்த எஸ்எம்எஸ்ஸை வைத்துத்தான். உங்கள் போனில் உட்கார்ந்திருந்த ஆப், உங்கள் சிம்மிலிருந்தே அதை அனுப்ப முடியும். வங்கியிலிருந்து வரும் செய்திகளை அந்த ஆளுக்குத் திருப்பிவிடவும் முடியும். அப்படி ஆனதும் அவன் போன் உங்கள் போன் மாதிரி ஆகிவிட்டது, பின் எண்ணும் கையில் இருந்தது. நீங்கள் வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டிய தேவையே அவனுக்கு இல்லாமல் போனது.

முதலில் ஐந்தாயிரம் மட்டும் போனதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு கணக்கை புதுப் போனில் யுபிஐயோடு இணைத்தால், முதல் 24 மணி நேரத்துக்கு ரூ. 5,000 வரைதான் அனுப்ப முடியும் என்று வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட திருட்டைத் தடுக்க வைத்த வேலிதான் அது. செவ்வாய் இரவு அந்த வரம்பு வரை எடுத்துப் பார்த்தான். புதன் முழுவதும் நீங்கள் வங்கிக்குப் போகாமல் இருக்க வேண்டுமே, அதற்காகத்தான் 'இருபத்துநாலு மணி நேரத்தில் திரும்பிவிடும்' என்று சொன்னான். வரம்பு நீங்கியதும் வியாழன் விடியலில், நீங்கள் தூங்கும் நேரத்தில், மீதியை எடுத்தான். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது இன்று ஐந்தாயிரம் போய், 'நாளை வந்துவிடும்' என்று எவனாவது சொல்லியிருந்தால், அவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

1930-இல் என்ன நடந்தது

1930 என்பது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். அன்று நீங்கள் பேசியபோது அவர்கள் வங்கிப் பெயர், கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, ஒவ்வொன்றின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்டார்கள். அந்த 12 இலக்க எண்தான் இதில் உயிர்நாடி. அதை வைத்துத்தான் உங்கள் பணம் எந்த வங்கியின் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே தாவியது என்று தொடர முடியும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த வங்கி அதை நிறுத்திவைக்கும். உங்கள் விஷயத்தில் ரூ. 38,000 இன்னும் எடுக்கப்படாமல் இருந்ததால் பிடிபட்டது. ரூ. 49,000 அதற்குள் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விட்டது. இரண்டும் அடுத்தடுத்துப் போன பணம்தான். ஒன்று சிக்கியதற்கும் மற்றது நழுவியதற்கும், எதை அவர்கள் முதலில் நகர்த்தினார்கள் என்பதைத் தாண்டி வேறு காரணம் பெரும்பாலும் இருக்காது.

நிறுத்திவைத்த பணம் தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. 1930-இல் தந்த ஒப்புகை எண்ணை வைத்து `cybercrime.gov.in` தளத்தில் புகாரை முழுமையாக்க வேண்டும். பிறகு ஈரோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் போய், முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்யக் கேளுங்கள். பணத்தை விடுவிக்கக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டி வரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. உங்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரியே எந்த வழி சீக்கிரம் முடியும் என்று சொல்வார், அவரைக் கேட்டுவிட்டு மனு போடலாம்.

ஆள் வடநாட்டில் இருப்பதால் இங்கே வழக்கு எடுக்க மாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. தவிர, ஏமாந்ததும் பணத்தை இழந்ததும் பவானியில்தான். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. உங்கள் பின் எண்ணைத் திருடிப் பயன்படுத்தியதற்கு 66சி பிரிவும் பொருந்தும்.

காவல் நிலையத்துக்குப் போகும் முன் போனில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். தேடலில் அந்த எண் வந்த பக்கம், அழைப்புப் பட்டியல், வாட்ஸப் உரையாடல், அந்த ஆப்பின் பெயர் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் எடுத்து வையுங்கள். சிம்மைக் கழற்றச் சொன்னது, அந்த ஆப் மேற்கொண்டு எஸ்எம்எஸ் அனுப்பக் கூடாது என்பதற்காக. புகார் பதிவானதும் போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்த பிறகே சிம்மைத் திரும்பப் போடுங்கள். பின் எண்ணை மாற்றுவதையும் அதற்குப் பிறகே செய்யுங்கள். அந்த ஆப் இருக்கும் போனிலேயே மாற்றினால் புது எண்ணும் அவனுக்குத் தெரிந்துவிடக்கூடும்.

வங்கியின் பொறுப்பு எதுவரை

இங்கேதான் உங்களுக்கும் வங்கி ஊழியருக்கும் ஆளுக்கொரு தவறான எண்ணம் இருக்கிறது. 'ஓடிபி சொல்லவில்லை, ஆகவே வங்கி முழுப் பணத்தையும் தந்தாக வேண்டும்' என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 'பின் போட்டாயிற்று, ஆகவே எங்களுக்கு வேலையில்லை' என்று அவர் நினைக்கிறார்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இந்தப் பொறுப்பைப் பிரித்துக் காட்டுகிறது. வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. வங்கியிடமும் குறையில்லை, வாடிக்கையாளரிடமும் குறையில்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் அறிவிப்பு வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் இல்லை. ஏழு வேலை நாள் வரை தாமதித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ரூ. 10,000 வரை வாடிக்கையாளர் தாங்க வேண்டும். வாடிக்கையாளரே கவனக்குறைவாக ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு.

உங்கள் நிலை கடைசி வகைக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. செவ்வாய் இரவு ஐந்தாயிரம் போனதுமே வங்கியின் 24 மணி நேர எண்ணில் சொல்லியிருந்தால், வியாழன் போன ரூ. 87,000 வங்கியின் தலையில் விழுந்திருக்கும். சொல்லாததால் அந்த வாதம் நமக்கு இல்லை.

ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் பாரம் வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கிளையில் ஒருவர் வாயால் சொன்னால் அது நிரூபணம் ஆகாது. எழுத்தில் புகார் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். அதில் இவற்றைக் கேளுங்கள்: புதுப் போனில் என் கணக்கு எப்போது இணைக்கப்பட்டது? அதைப் பற்றி எனக்கு எந்த வழியில் அறிவிப்பு அனுப்பினீர்கள்? அந்த 24 மணி நேர வரம்பு என் கணக்கில் சரியாகச் செயல்பட்டதா? விடியற்காலையில், அதற்குமுன் நான் பணமே அனுப்பாத கணக்குகளுக்கு இரண்டு பெருந்தொகைகள் போனதை உங்கள் கண்காணிப்பு கவனித்ததா? 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாகப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் அழைப்புப் பட்டியலும் வாட்ஸப்பும் நடந்ததைச் சொல்லிவிடும். முதல் பொய் வெளிவந்ததும் மேலே சொன்ன நியாயமான கேள்விகளையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி, நேர வரிசையில் எழுதுங்கள்.

இன்னொன்று. போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கோப்புக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வாட்ஸப்பில் யாராவது வந்தால், போலீஸ் உடையில் படம் வைத்திருந்தாலும் பதில் பேசாதீர்கள். உங்கள் எண் இப்போது 'ஏமாந்தவர்' பட்டியலில் அவர்களிடம் இருக்கிறது. காவல்துறை பணம் வாங்கிக்கொண்டு பணத்தை மீட்பதில்லை.

அந்த எண் எப்படி முதலில் வந்தது, நிஜமான எண் எங்கே இருக்கிறது

தேடலில் முதலில் வருவது சரிபார்க்கப்பட்டது என்று பலரும் நம்புகிறார்கள். அது அப்படி இல்லை. முதலில் வருவது காசு கொடுத்த விளம்பரமாக இருக்கலாம். இணைய வரைபடத்தில் ஒரு கடை அல்லது கிளையின் விவரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தச் சொல்லிப் பரிந்துரைக்கலாம், அப்படி நுழைந்த போலி எண்கள் உண்டு. கம்பெனியின் பெயரையும் 'கஸ்டமர் கேர்' என்ற சொல்லையும் திரும்பத் திரும்ப எழுதி, நடுவில் தங்கள் எண்ணைச் செருகிய பக்கங்களையும் பிடிஎஃப் கோப்புகளையும் அவர்களே ஏற்றிவைக்கிறார்கள். போன் படத்தைத் தட்டினால் பக்கத்தைத் திறக்காமலே அழைப்பு போய்விடுவதால், அது யாருடைய பக்கம் என்று நாம் பார்ப்பதே இல்லை.

இதற்குப் பின்னால் நம் தவறு அல்லாத ஒரு காரணமும் இருக்கிறது, அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. பல நிறுவனங்கள் பேசுவதற்கு ஓர் எண்ணே தருவதில்லை. ஆப்பில் உரையாடல் மட்டும், அதுவும் ஆங்கிலத்தில். மனிதரிடம் தமிழில் பேச வேண்டும் என்று நினைப்பவர் தேடத்தான் செய்வார். நிறுவனமே எண் வைத்திராதபோது தேடலில் ஓர் எண் கிடைத்தால், அது போலியாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணின் உருவத்தை வைத்தும் முடிவுசெய்ய முடியாது. பத்து இலக்க எண்ணெல்லாம் போலி என்பார்கள். நம் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, பத்து இலக்கம்தான். 1800 என்று தொடங்கினால் நிஜம் என்பார்கள். கட்டணமில்லா எண்ணை யாரும் வாடகைக்கு வாங்கலாம்.

ஆகவே எண்ணைத் தேடாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பொருளில் பாருங்கள். வங்கி என்றால் ஏடிஎம் அட்டையின் பின்பக்கம், பாஸ்புத்தகம். கேஸ் என்றால் நுகர்வோர் புத்தகம், மிக்ஸி என்றால் உத்தரவாத அட்டை, ஆன்லைனில் வாங்கியது என்றால் வாங்கிய அதே ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதி. இணையத்துக்குப் போயே ஆக வேண்டுமென்றால் முகவரியைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் தளங்களை `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளைத் தவிர மற்றவர்களுக்கு அந்த முகவரி கிடைக்காது. வங்கியின் பெயரில் வேறு முடிவோடு ஒரு பக்கம் வந்தால் அதிலுள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள்.

உங்கள் பார்சலுக்கு வருவோம். அனுப்பியவர் மகள். அவர் கையில் ரசீது இருக்கிறது, அதில் பார்சல் எண்ணும், பதிவுசெய்த கிளையின் எண்ணும் இருக்கும். மகளுக்கு ஒரு போன் போட்டு அந்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் போதும். நிஜமான கூரியர்காரர் முதலில் கேட்பது அந்தப் பார்சல் எண்ணைத்தான். உங்களிடம் பேசியவன் அதைக் கேட்டானா என்று யோசித்துப் பாருங்கள். பார்சல் எண் கேட்காமல் ஐந்து ரூபாயும் ஆப்பும் கேட்டால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

கடைசியாக, வீட்டுக்காரர் விஷயம். பொதுவாகக் குடும்பத்துக்குள் யாரிடம் என்ன சொல்வது என்று நான் கருத்துச் சொல்வதில்லை. ஆனால் கடையின் நடப்புக் கணக்கும் உங்கள் சிம்மோடுதான் இணைந்திருக்கிறது, இரண்டுக்கும் ஒரே பின் என்றும் போனில் சொன்னீர்கள். அந்தச் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பத் தெரிந்தவன் அடுத்து அந்தக் கணக்கையும் இணைத்துப் பார்ப்பான். அதனால்தான் வியாழன் மாலையே அதிலும் யுபிஐயை நிறுத்தச் சொன்னேன். இப்போது கடையில் நூல் வாங்கியதற்குப் பணம் அனுப்ப முடியாமல் அவர் தடுமாறிக்கொண்டிருப்பார். அந்தக் கணக்கில் யுபிஐயைத் திரும்பத் திறக்கவும், பதிவான செல்பேசி எண்ணை அவருடையதாக மாற்றவும் வங்கியில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். கணக்கு அவர் பெயரில் இருப்பதால், அந்தப் படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.